கடனுக்கு விற்ற இயந்திரம் கைவிட்டுப் போகாமல் இருக்க: உரிமையை நிறுத்தி வைக்கும் ஷரத்தைப் போடுவது எப்படி?

கடனுக்கு ஒரு இயந்திரத்தை விற்கிறீர்கள். வாங்கியவர் பாதிப் பணம் தந்துவிட்டு நிறுத்திவிடுகிறார். “பணம் தரவில்லை, என் மெஷினைத் திருப்பிக் கொடு” என்று கேட்கிறீர்கள். பெரும்பாலும் சட்டம் அதற்கு இடம் தராது. விற்பனை முடிந்தபோதே பொருள் அவருடையதாகிவிட்டது, உங்களுக்கு மிஞ்சியது பாக்கித் தொகையைக் கேட்கும் உரிமை மட்டும். பாக்கி கட்டவில்லை என்பதற்காக உரிமை தானாகத் திரும்பி வராது.

இதை மாற்ற இந்தியச் சரக்கு விற்பனைச் சட்டம், 1930 ஒரு வழி தருகிறது. முழுப் பணமும் வரும்வரை பொருளின் உரிமை விற்பவரிடமே இருக்கும் என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளலாம். பொருளை ஒப்படைத்த பிறகும் அந்த நிபந்தனை செல்லும் என்று 25ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் இந்த ஷரத்தை எழுதியவர்களில் பலர் தேவைப்படும் நாளில் அதைப் பயன்படுத்த முடியாமல் நிற்கிறார்கள். எழுதிய நேரம் தவறு, அல்லது எந்தப் பொருள் என்று காட்ட முடியவில்லை, அல்லது பணக் கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை.

கீழே ஒரே உதாரணத்தை எடுத்துக்கொண்டு படிப்படியாகப் போகலாம். கோயம்புத்தூரில் ஒரு டீலர், திருப்பூரில் பின்னலாடை செய்யும் ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனிக்கு ஸ்க்ரூ ஏர் கம்ப்ரசர் விற்கிறார். விலை ரூ.8,00,000. ஜிஎஸ்டி 18 சதவீதம் ரூ.1,44,000. மொத்தம் ரூ.9,44,000. அட்வான்ஸ் ரூ.2,44,000, மீதி ரூ.3,50,000 வீதம் இரண்டு தவணை.

## 1. முதலில் பொருள் இதற்குத் தோதானதா என்று பாருங்கள்

இந்த ஷரத்துக்கு உயிர், பொருளை அடையாளம் காட்ட முடிவதில் இருக்கிறது. கம்ப்ரசருக்கு வரிசை எண் உண்டு. ஆறு மாதம் கழித்துப் போனாலும் “இதுதான் என்னுடையது” என்று கை வைத்துக் காட்டலாம். தரையில் போல்ட் போட்டு முடுக்கியிருந்தாலும் கழற்றி எடுத்துவிடலாம்.

நூல் அப்படியல்ல. நூலைத் துணியாகப் பின்னியதும் நீங்கள் விற்ற பொருள் இல்லாமல் போகிறது. இங்கிலாந்தில் 1979இல் முடிந்த போர்டன் வழக்கில் இதுதான் நடந்தது. பலகை செய்யும் ஆலைக்குப் பிசின் விற்றவர் உரிமையை நிறுத்தி வைத்திருந்தார். பிசின் பலகையோடு கலந்ததும் அவருடைய உரிமை முடிந்தது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதே நாட்டில் ஹெண்டி லெனாக்ஸ் வழக்கில், ஜெனரேட்டர் செட்டில் பொருத்திய டீசல் எஞ்சின்களுக்கு வரிசை எண் இருந்தது, கழற்றவும் முடிந்தது. பொருத்தியதால் மட்டும் விற்றவரின் உரிமை போய்விடவில்லை. இந்திய நீதிமன்றங்களை இந்தத் தீர்ப்புகள் கட்டுப்படுத்தாது. ஆனால் கலப்பதற்கும் பொருத்துவதற்கும் உள்ள வேறுபாட்டைப் புரிந்துகொள்ள இவற்றைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது.

ஆகவே நூல், சாயம், ரசாயனம், சிமெண்ட் விற்பவர்கள் இந்த ஷரத்தை நம்பிக் கடன் தராதீர்கள். அதற்கு வங்கி உத்தரவாதமோ லெட்டர் ஆஃப் கிரெடிட்டோ கேளுங்கள்.

## 2. கொட்டேஷனிலேயே எழுதுங்கள், இன்வாய்ஸில் அல்ல

இங்கேதான் அதிகம் பேர் தவறுகிறார்கள். இன்வாய்ஸின் அடியில் சின்ன எழுத்தில் அச்சடித்துவிட்டு ஷரத்து போட்டாயிற்று என்று நினைக்கிறார்கள். ஆனால் இன்வாய்ஸ் போகும் நேரத்தில் ஒப்பந்தம் ஏற்கெனவே முடிந்திருக்கும். ஷோரூமில் நிற்கும் ஒரு குறிப்பிட்ட இயந்திரத்தை, எடுத்துச் செல்லத் தயாரான நிலையில், எந்த நிபந்தனையும் போடாமல் விற்றால், ஒப்பந்தம் ஆன அந்தக் கணமே உரிமை மாறிவிடும் என்கிறது 20ஆம் பிரிவு. பணம் பிறகு தரலாம் என்று சொல்லியிருந்தாலும் அப்படித்தான். மாறிப்போன உரிமையை நீங்கள் தனியாக அச்சடித்த ஒரு வரி திருப்பிக் கொண்டுவராது.

வரிசை இப்படி இருக்கட்டும். கொட்டேஷனில் ஷரத்து முழுமையாக வர வேண்டும். வாங்குபவரின் பர்ச்சேஸ் ஆர்டர் வந்ததும் அதன் பின்பக்கத்தைப் படியுங்கள். “சரக்கு வந்து சேர்ந்ததும் உரிமை எங்களுடையது” என்று பல கம்பெனிகளின் ஆர்டரில் அச்சாகியிருக்கும். அதைப் பார்த்தும் பேசாமல் சரக்கை அனுப்பினால், அவர்கள் நிபந்தனையை நீங்கள் ஏற்றதாக வாதிட இடம் கொடுக்கிறீர்கள். ஆகவே ஆர்டரை ஏற்கும் கடிதம் ஒன்றை நீங்கள் அனுப்பி, உங்கள் ஷரத்தே செல்லும் என்று குறிப்பிட்டு, அதில் கம்பெனி சார்பில் கையெழுத்துப் போட அதிகாரம் உள்ளவரின் கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள். அந்தக் கடிதம் கைக்கு வந்த பிறகே வண்டி கிளம்ப வேண்டும்.

## 3. ஷரத்தில் இருக்க வேண்டியவை

எங்கள் பரிந்துரை இதுதான். உங்கள் வழக்கறிஞரிடம் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள்.

> “வரிசை எண் ______ கொண்ட இந்த இயந்திரத்தின் விலையும் வரியும் முழுவதுமாக விற்பவரின் வங்கிக் கணக்கில் வரவாகும்வரை இயந்திரத்தின் உரிமை விற்பவரிடமே இருக்கும். இயந்திரம் வாங்குபவரிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தாலும், தரையிலோ கட்டடத்திலோ பொருத்தப்பட்டிருந்தாலும் இதில் மாற்றமில்லை. ஒப்படைத்த நேரத்திலிருந்து சேதம், திருட்டு, தீ ஆகியவற்றின் பொறுப்பு வாங்குபவருடையது. முழுப் பணம் செலுத்தும்வரை வாங்குபவர் இயந்திரத்தை விற்கவோ, அடகு வைக்கவோ, இடம் மாற்றவோ கூடாது. தவணைகள், ஒப்படைப்பு எந்த நாளில் நடந்தாலும், கீழே குறித்த தேதிகளில் செலுத்தப்பட வேண்டும். ஒரு தவணை 15 நாட்களுக்கு மேல் தாமதமானால் விற்பவர் எழுத்து மூலம் ஒப்பந்தத்தை ரத்து செய்து, முன்னறிவிப்புடன் வந்து இயந்திரத்தை எடுத்துச் செல்ல வாங்குபவர் அனுமதிக்கிறார்.”

இதில் மூன்று இடங்களை மட்டும் விளக்கிவிடுகிறோம். மற்றவை படித்தாலே புரியும்.

“வங்கிக் கணக்கில் வரவாகும்வரை” என்று எழுதக் காரணம், செக் கொடுத்ததையே பணம் கொடுத்ததாகச் சொல்லிவிடக் கூடாது என்பது.

சேதப் பொறுப்பைத் தனியாக எழுதக் காரணம் 26ஆம் பிரிவு. நீங்கள் வேறு விதமாக எழுதாவிட்டால், உரிமை யாரிடம் இருக்கிறதோ அவர்தான் சேதத்தையும் சுமக்க வேண்டும். உரிமையை மட்டும் நிறுத்தி வைத்துக்கொண்டு பொறுப்பைப் பற்றி எழுதாமல் விட்டால், திருப்பூர் ஷெட்டில் தீப்பிடித்தால் நஷ்டம் கோயம்புத்தூரில் இருக்கும் உங்களுக்கு. கூடவே, இயந்திரத்துக்கு எடுக்கும் காப்பீட்டுப் பாலிசியில் உங்கள் பெயரையும் சேர்க்கச் சொல்லி, நகல் வாங்கி வையுங்கள்.

மூன்றாவது, தேதி. உரிமை இன்னும் உங்களிடமே இருக்கும்போது விலையைக் கேட்டு வழக்குப் போட முடியுமா என்ற கேள்வி வரும். 55ஆம் பிரிவின்படி, உரிமை மாறியிருந்தால் விலைக்கு வழக்குப் போடலாம். மாறாவிட்டால், ஒப்படைப்பைச் சாராத ஒரு குறிப்பிட்ட நாளில் விலை தர வேண்டும் என்று ஒப்பந்தம் சொல்லியிருந்தால் போடலாம். “டெலிவரியிலிருந்து 45 நாள்” என்று எழுதினால் அந்தக் கதவை நீங்களே பாதி மூடிக்கொள்கிறீர்கள். “2025 ஜூலை 31, 2025 செப்டம்பர் 15” என்று காலண்டர் தேதியாகவே எழுதுங்கள்.

செலவைப் பற்றி: சரக்கு விற்பனைக்காக மட்டுமே எழுதும் ஒப்பந்தத்துக்கு இந்திய முத்திரைச் சட்டத்தில் விலக்கு உண்டு. அதே தாளில் இயக்குநரின் தனிப்பட்ட ஜாமீன் போன்றவற்றைச் சேர்த்தால் அந்த விலக்கு பொருந்தாது. ஜாமீனைத் தனித் தாளில், உரிய முத்திரைத் தீர்வை கட்டி எழுதுங்கள்.

## 4. வண்டி கிளம்பும் முன் செய்ய வேண்டியவை

ஷரத்து உங்களுக்கும் வாங்குபவருக்கும் இடையில் செல்லும். மூன்றாவது ஆள் வந்துவிட்டால்தான் சிக்கல். 30ஆம் பிரிவின் இரண்டாவது உட்பிரிவு கவனிக்க வேண்டியது. உங்கள் சம்மதத்தோடு பொருளைக் கையில் வைத்திருக்கும் வாங்குபவர் அதை இன்னொருவருக்கு விற்றால், அந்த இன்னொருவர் உங்கள் உரிமை தெரியாமல் நல்லெண்ணத்தோடு வாங்கியிருந்தால், பொருள் அவருக்குப் போய்விடும். “தெரியாமல்” என்ற சொல்தான் முக்கியம். தெரியும்படி செய்வது உங்கள் வேலை.

அதற்கு ஒரு உலோகத் தகடு போதும். செலவு சில நூறு ரூபாய். “இந்த இயந்திரம், வரிசை எண் இன்னது, முழு விலை செலுத்தும்வரை இன்னாருக்குச் சொந்தம்” என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் பொறித்து, ரிவெட் அடித்துப் பொருத்துங்கள். ஸ்டிக்கர் ஒட்டினால் ஒரு வாரத்தில் உரிந்துவிடும், அல்லது உரித்துவிடுவார்கள். இயந்திரத்தை நிறுவிய நாளில் தகடும் வரிசை எண்ணும் தெரியும்படி, பின்னால் ஷெட் தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். இன்வாய்ஸ், டெலிவரி சலான், நிறுவியதற்கான அறிக்கை மூன்றிலும் ஒரே வரிசை எண் இருக்க வேண்டும். ஒரு எழுத்து மாறினாலும் பின்னால் தலைவலி.

அடுத்து வங்கி. வாங்குபவர் வங்கியில் கடன் வைத்திருந்தால், “இப்போதுள்ள, இனி வரப்போகும் எல்லா இயந்திரங்களும்” என்று வங்கிக்கு ஹைப்பாதிகேஷன் எழுதிக் கொடுத்திருக்க வாய்ப்பு அதிகம். கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் அந்தக் கம்பெனியின் பெயரைப் போட்டு, பதிவான அடமானங்களின் பட்டியலைப் பாருங்கள். வங்கியின் பெயர் தெரிந்ததும், அந்தக் கிளைக்கு இயந்திரத்தின் வரிசை எண்ணோடு ஒரு கடிதம் எழுதி, ஒப்புகையுடன் அனுப்புங்கள். பதில் வராவிட்டாலும் பரவாயில்லை, அவர்களுக்குத் தெரியும் என்பதற்கு அத்தாட்சி உங்களிடம் இருக்கும். ஷெட் வாடகைக்கு எடுத்தது என்றால் கட்டட உரிமையாளருக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். வாடகை பாக்கிக்காக அவர் கதவைப் பூட்டும் நாளில் அது உதவும்.

## 5. ஜிஎஸ்டியில் ஏமாறாதீர்கள்

“உரிமை இன்னும் என்னிடம்தானே இருக்கிறது, முழுப் பணம் வந்தபிறகு வரி கட்டலாம்” என்று சிலர் நினைக்கிறார்கள். தவறு. முழு விலை செலுத்திய பிறகு உரிமை மாறும் என்ற ஒப்பந்தமும் சரக்கு வழங்கலே என்று மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் இரண்டாம் அட்டவணை நேரடியாகச் சொல்கிறது. இன்வாய்ஸ் போட்ட மாதத்திலேயே ரூ.1,44,000ஐயும் கணக்கில் காட்ட வேண்டும். அதனால்தான் எங்கள் உதாரணத்தில் அட்வான்ஸ் ரூ.2,44,000. வரித் தொகையையாவது முன்பணத்தில் வாங்காமல் சரக்கை அனுப்பினால், உங்கள் கைக்காசிலிருந்து அரசுக்குக் கட்டிவிட்டு வாங்குபவரின் பின்னால் நடப்பீர்கள்.

இதே சட்டம் உங்களுக்கு ஒரு பிடியும் தருகிறது. இன்வாய்ஸ் தேதியிலிருந்து 180 நாட்களுக்குள் விற்பவருக்குப் பணம் தராவிட்டால், வாங்குபவர் எடுத்த உள்ளீட்டு வரியை வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும். நினைவூட்டும் கடிதத்தில் இந்த நாள் எது என்று தேதி போட்டு எழுதுங்கள். கம்பெனியின் கணக்காளர் அதைக் கவனிப்பார்.

## 6. தவணை நின்றால் முதலில் கணக்குப் போடுங்கள்

ஆத்திரத்தில் வண்டியோடு கிளம்புவதற்கு முன் ஒரு தாளை எடுங்கள். ஒப்பந்தத்தை ரத்து செய்து இயந்திரத்தைத் திருப்பி எடுத்தால், அதுவரை வாங்கிய பணத்தை முழுவதும் நீங்களே வைத்துக்கொள்ள முடியாது. “கட்டிய பணம் பறிமுதல்” என்று எழுதியிருந்தாலும், ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவு நியாயமான இழப்பீடு வரைதான் அனுமதிக்கும். இழப்பைக் கழித்து மீதியைத் திருப்பித் தரவேண்டிய நிலை வரும்.

முதல் தவணையே வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். உங்கள் கையில் ரூ.2,44,000. இயந்திரத்தை எடுத்துத் திரும்ப விற்றால் வரிக்கு முன் ரூ.6,00,000 கிடைக்கும் என்றால், விலையில் இழப்பு ரூ.2,00,000. கழற்றல், கிரேன், லாரி ரூ.30,000. மொத்த இழப்பு ரூ.2,30,000. திருப்பித் தர வேண்டியது ரூ.14,000 மட்டும். இங்கே ஷரத்து தங்கம். ரூ.7,00,000 பாக்கிக்காக அலைவதற்குப் பதில் இயந்திரம் உங்களிடம் வந்துவிடுகிறது.

இரண்டாவது தவணை மட்டும் நின்றால் கதை வேறு. வாங்கியது ரூ.5,94,000. இயந்திரம் இன்னும் பழசாகி ரூ.5,50,000 போகும். இழப்பு ரூ.2,50,000, செலவு ரூ.30,000, ஆக ரூ.2,80,000. நீங்கள் ரூ.3,14,000 கையிலிருந்து எடுத்துக் கொடுத்து இயந்திரத்தை வாங்குவது போல ஆகிவிடும். அதற்கு ரூ.3,50,000 பாக்கியைக் கேட்டு வழக்குப் போடுவதே மேல். ஷரத்தின் பலம் தொடக்கத்தில்தான் அதிகம், தவணை வரவரக் குறையும். ஆகவே முதல் தவணை தவறிய உடனே முடிவெடுங்கள். “பாவம், அடுத்த மாதம் தருவார்” என்று மூன்று மாதம் விட்டுவிட்டு எடுக்கப் போகாதீர்கள்.

இரண்டு கணக்கிலும், முதல் விற்பனைக்குக் கட்டிய வரி உங்களுக்குத் திரும்ப வந்துவிடும் என்று வைத்திருக்கிறோம். அதற்குக் கிரெடிட் நோட் போட வேண்டும், அதற்குக் கெடு உண்டு. 2025 ஜூனில் போட்ட இன்வாய்ஸுக்கு, அதிகபட்சம் 2026 நவம்பர் 30 வரை. ஆண்டுக் கணக்கை அதற்கு முன் தாக்கல் செய்துவிட்டால் அந்த நாளோடு முடிந்தது. கெடு போய்விட்டால் ரூ.1,44,000 கூடுதல் இழப்பு.

அதே வாடிக்கையாளருக்கு ஸ்பேர் பார்ட்ஸும் விற்கிறீர்களா? அவர் அனுப்பும் பணம் எந்தப் பில்லுக்கு என்று அவர் சொல்லியிருந்தால் அதற்குத்தான் வரவு வைக்க வேண்டும். சொல்லாவிட்டால் நீங்கள் தீர்மானிக்கலாம். அப்படி வந்த பணத்தை முதலில் பார்ட்ஸ் பில்லுக்கு வரவு வைத்து, உடனே எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். இயந்திரத்தின் பாக்கி நிற்கும்வரை ஷரத்தும் நிற்கும்.

## 7. எடுக்கும் முறை

முதலில் தவணை தவறியதைச் சொல்லி நோட்டீஸ். ஷரத்தில் குறித்த 15 நாள் முடிந்ததும், ஒப்பந்தம் ரத்து என்று இரண்டாவது கடிதம். வாங்குபவர் ஒத்துக்கொண்டால், அவரே எழுதி ஒப்படைப்பது எல்லோருக்கும் நல்லது. இயந்திரம் எந்த நிலையில் வந்தது, திருப்பித் தரும் தொகை எவ்வளவு, இனி யாருக்கும் பாக்கியில்லை என்று ஒரே தாளில் இருவரும் கையெழுத்திடுங்கள்.

கேட்டை மூடினால் அங்கேயே நின்றுவிடுங்கள். உள்ளே வர அனுமதி என்று ஒப்பந்தத்தில் இருந்தாலும், பூட்டை உடைத்தோ ஆள்பலத்தோடோ நுழைந்தால் கிரிமினல் வழக்கு உங்கள் மேல் வரும். நீதிமன்றம்தான் வழி. ரூ.3 லட்சத்துக்குக் குறையாத வணிக வழக்கு என்றால், வழக்குப் போடுவதற்கு முன் மத்தியஸ்தம் கட்டாயம், அதற்கு மூன்று மாதமும் இருதரப்பும் சம்மதித்தால் இன்னும் இரண்டு மாதமும் ஆகலாம். ஆனால் அவசர இடைக்கால உத்தரவு கேட்கும் வழக்குக்கு அது தேவையில்லை. இயந்திரத்தை வேறு யாருக்கும் விற்கவோ இடம் மாற்றவோ கூடாது என்ற தடையையும், ஆணையரை அனுப்பி வரிசை எண்ணையும் நிலையையும் பதிவு செய்யும் உத்தரவையும் முதல் நாளே கேளுங்கள். தமிழ்நாட்டில் இத்தகைய வழக்குக்குக் கோர்ட் கட்டணம் கோரும் தொகையில் 3 சதவீதம். ரூ.3,50,000க்கு ரூ.10,500. கெடு பொதுவாக மூன்று ஆண்டுகள்.

## 8. வாங்கிய கம்பெனி திவால் நடவடிக்கையில் சிக்கினால்

தேசியக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம் மனுவை ஏற்ற நாளிலிருந்து தடைக்காலம் தொடங்கும். திவால் சட்டம், 2016இன் 14ஆம் பிரிவின்படி, அந்தக் கம்பெனியின் கையில் இருக்கும் பொருளை அதன் சொந்தக்காரர்கூட அப்போது எடுக்க முடியாது. அன்றைக்கு லாரி அனுப்பாதீர்கள்.

செய்ய வேண்டியது இரண்டு. ஒன்று, பொறுப்பேற்ற இடைக்காலத் தீர்வு அலுவலருக்கு உடனே எழுதி, வரிசை எண், ஒப்பந்தம், தகட்டின் படம் எல்லாவற்றையும் இணைத்து, இது கம்பெனியின் சொத்தல்ல என்று தெரிவியுங்கள். ஒப்பந்த அடிப்படையில் கம்பெனியின் கையில் இருக்கும் மற்றவர் சொத்தை அவர் கம்பெனியின் சொத்தாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று 18ஆம் பிரிவின் விளக்கம் சொல்கிறது. இரண்டு, பாக்கித் தொகைக்கு ‘பி’ படிவத்தில் உரிமைகோரலையும் தாக்கல் செய்யுங்கள். அலுவலர் நியமனமான 14 நாளுக்குள், பொது அறிவிப்பில் சொன்ன கடைசித் தேதிக்கு முன். பொருளைக் கேட்பதால் பணத்தைக் கேட்கும் உரிமையை விடவில்லை என்று இரண்டு கடிதத்திலும் எழுதுங்கள்.

கம்பெனி கலைப்புக்குப் போய்விட்டால் எதிர்வாதம் வரும். அந்தக் கட்டத்துக்கான 36ஆம் பிரிவு, உரிமையை மாற்றாமல் பயன்பாட்டுக்கு மட்டும் தந்த ஒப்பந்தங்களைத்தான் விலக்குப் பட்டியலில் குறிப்பிட்டுச் சொல்கிறது. உங்கள் ஒப்பந்தமோ கடைசியில் உரிமையை மாற்றுவதாகச் சொல்கிறது. “இது உண்மையில் கடனுக்கான ஈடு, அதைப் பதிவும் செய்யவில்லை” என்று கலைப்பாளர் வாதிடுவார். இந்த வாதத்துக்குத் தீனி போடும் வரிகளை ஷரத்தில் எழுதாதீர்கள். “பொருள் விற்பவருக்கு ஈடாக இருக்கும்”, “விற்ற பணத்தில் பாக்கியை எடுத்துக்கொண்டு மீதியைத் தருவோம்” போன்றவை அடமானப் பத்திரத்தின் மொழி. “உரிமை விற்பவரிடமே இருக்கும்” என்ற ஒரே வரியில் நில்லுங்கள்.

வேறு கம்பெனிகளுக்கு எழுதிய பழைய ஒப்பந்த மாதிரியை அப்படியே நகலெடுக்கும்போது இந்த வரிகள் எளிதில் உள்ளே வந்துவிடும். கையெழுத்து வாங்கும் முன் ஒருமுறை தேடிப் பார்த்து நீக்கிவிடுங்கள்.